குழுவில் போய் விழுந்த புறணி: ஒரு நிகழ்வு ஆய்வு

தவறான இடத்துக்குப் போகும் செய்திகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய 'கிளம்பிட்டேன்' மேலாளருக்குப் போகும். நண்பனுக்கான கேலிப்படம் குடும்பக் குழுவுக்குப் போகும். 'மாற்றி அனுப்பிவிட்டேன்' என்று ஒரு வரி போட்டால் விஷயம் முடிந்துவிடும். அதற்கு மேல் விளக்கம் கொடுத்தால்தான் வினோதமாக இருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது வேறு வகை. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல நினைத்தது, அந்த ஒருவரே இருக்கும் குழுவில் போய் விழுவது. இதில் செய்தியை நீக்குவது சுலபம். நீக்கிய பிறகு வரும் சில மணி நேரத்தில்தான் ஆட்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கிக்கொள்கிறார்கள். நான் நிர்வாகியாக இருக்கும் ஒரு வேலைக் குழுவில் இப்படி ஒன்று நடந்தது. சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்களை இளையவர், மூத்தவர் என்றே குறிப்பிடுகிறேன்.

நடந்தது

வாட்ஸ்அப் குழு. மொத்தம் 12 பேர். வாரா வாரம் ஓர் அறிக்கை போக வேண்டும். மூத்தவர் முதல் பாதியை முடித்துக் கொடுத்தால்தான் இளையவர் தன் பாதியைத் தொடங்க முடியும். அந்த வாரமும் முதல் பாதி கடைசி நேரத்தில்தான் வந்தது. மாலை 6:42-க்கு இளையவர் தன் தோழிக்கு எழுதியது இது:

'அக்கா இன்னைக்கும் கடைசி நேரத்துல தள்ளிவிட்டுட்டாங்க. அவங்க செய்யாம விட்டதை எல்லாம் நான்தான் இழுத்துக்கட்டணும். மீட்டிங்ல மட்டும் எல்லாத்தையும் தானே செஞ்ச மாதிரி பேசுவாங்க.'

அது தோழிக்குப் போகவில்லை, குழுவுக்குப் போனது. காரணம் சாதாரணமானது. தோழியின் உரையாடல்தான் பட்டியலில் மேலே இருந்தது. விரல் அதைத் தொடப் போன நேரத்தில் குழுவில் யாரோ ஒரு செய்தி போட, குழு மேலே ஏறி, தோழி ஒரு படி கீழே இறங்கிவிட்டார். விரல் பழைய இடத்தைத்தான் தொட்டது. கோபத்தில் எழுதுகிறவர் தலைப்பில் இருக்கும் பெயரைப் படிப்பதில்லை. தட்டச்சுப் பெட்டியை மட்டும்தான் பார்க்கிறார்.

பெயர் எதுவும் செய்தியில் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் 'அக்கா' என்று அழைக்கப்படுபவர் ஒருவர்தான். அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்தவரும் ஒருவர்தான்.

முதல் மூன்று நிமிடம்

6:44-க்கு ஒரு சகா அந்தச் செய்தியை மேற்கோளிட்டு, சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். அப்போதுதான் இளையவர் கவனித்தார். பதற்றத்தில் செய்தியை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டியைத் தொட்டு, முதலில் கண்ணில் பட்டதை அழுத்தினார். அது Delete for me.

இந்த ஒரு தவறு நிறையப் பேருக்கு நேர்கிறது. Delete for me உங்கள் திரையிலிருந்து மட்டும்தான் செய்தியை எடுக்கும். மற்ற பதினொரு பேரிடமும் அது அப்படியே இருக்கும். உங்களிடம் மட்டும் இருக்காது. அதனால் அதை அழுத்திப் பிடித்து எல்லோருக்கும் நீக்கும் வழியும் போய்விடும். இதனால்தான் 2022 இறுதியில் வாட்ஸ்அப் ஒரு Undo பொத்தானைக் கொண்டுவந்தது. அது திரையின் அடியில் சுமார் ஐந்து வினாடி நிற்கும். இளையவர் நல்ல வேளையாக அதைத் தொட்டார். அந்த ஐந்து வினாடி தாண்டியிருந்தால் நிர்வாகியிடம் கேட்பதுதான் மிச்சமிருக்கும் வழி. குழு நிர்வாகியால் மற்றவர்கள் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் நீக்க முடியும். இது பலருக்குத் தெரியாது.

செய்தி திரும்ப வந்ததும் அவர் Delete for everyone-ஐ அழுத்தப் போனார். அதற்குள் எனக்குப் போன் செய்துவிட்டார். குழுவில் அந்தச் செய்தியை நானும் படித்திருந்தேன். 'அண்ணா, பாத்தீங்களா?' என்றார். பார்த்தேன் என்றேன். நீக்கச் சொன்னேன், ஆனால் அதற்கு முன் செய்தியை யார் படித்தார்கள் என்று காட்டும் Info-வைத் திறந்து ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இதற்கு ஆகும் நேரம் பத்து வினாடி. எல்லோருக்கும் நீக்குவதற்கு வாட்ஸ்அப் இரண்டு நாளுக்கும் மேலாக அவகாசம் கொடுக்கிறது. 2022 ஆகஸ்டுக்கு முன் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே பத்து வினாடியில் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் யார் யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்து படிக்காமல் இருக்கிறது என்ற பட்டியல் அடுத்து எடுக்க வேண்டிய எல்லா முடிவுகளுக்கும் தேவைப்படும். தனி உரையாடலில் நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர் படித்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. குழுவில் அந்த அமைப்பு செல்லாது, படித்தவர் பெயர் வந்துவிடும். மூல வாசகமும் கையில் இருக்க வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து சொல்லும்போது நாம் எழுதியது எப்போதும் கொஞ்சம் மென்மையாகத்தான் ஞாபகம் வரும். எதற்காக மன்னிப்புக் கேட்கிறோமோ, அந்த வாசகம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

6:45-க்கு செய்தி நீக்கப்பட்டது. பட்டியலில் படித்தவர்கள் ஐந்து பேர். மீதி ஆறு பேருக்குச் சேர்ந்திருந்தது, படித்ததாகக் காட்டவில்லை. அந்த ஆறில் மூத்தவரும் இருந்தார்.

அவர் பார்க்கவில்லை என்ற நம்பிக்கை

இளையவருக்கு உடனே வந்த எண்ணம், 'அக்கா இன்னும் பாக்கல. அப்போ தப்பிச்சேன்ல?'

இல்லை. படித்தவர் பட்டியலில் பெயர் வர, உரையாடலைத் திறந்திருக்க வேண்டும். பூட்டிய திரையில் வந்து நின்ற அறிவிப்பை மட்டும் படித்தவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். மூன்று வரிச் செய்தி அறிவிப்பிலேயே பெரும்பாலும் முழுதாகத் தெரிந்துவிடும். நீக்கியதும் அறிவிப்பு மாறிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன் மூன்று நிமிடம் இருந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் அறிவிப்பு வரலாறு என்ற வசதியை இயக்கி வைத்திருப்பவர்களிடம், கடைசி 24 மணி நேரத்தில் வந்த அறிவிப்புகள் அங்கேயும் கிடக்கும்.

அறிவிப்பை விட்டுவிட்டாலும், ஐந்து பேர் படித்திருக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் எதுவும் சொல்லாமல் இருப்பார்கள் என்று நம்பித் திட்டம் போட முடியாது. அதோடு மேற்கோளிட்ட பதில் ஒன்றும் குழுவில் அப்படியே இருந்தது. வாட்ஸ்அப்பில் மூலச் செய்தியை நீக்கினாலும், அதை மேற்கோளிட்டு யாராவது பதில் போட்டிருந்தால் அந்தப் பதிலின் மேல் பழைய வாசகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். நீக்கியவர் தன் செய்தி போன இடத்தை மட்டும் பார்த்து நிம்மதி ஆகிவிடுகிறார். கீழே பார்ப்பதில்லை. மேற்கோளிட்ட சகாவுக்கு நான் தனியாக எழுதினேன். அவர் தன் பதிலை உடனே நீக்கினார். நிர்வாகியாக நானே நீக்கியிருக்கலாம்தான், ஆனால் அப்போது நிர்வாகி நீக்கினார் என்று குழுவில் தெரியும், அது இன்னொரு பேச்சுக்கு இடம் கொடுக்கும்.

ஆகவே நிலைமை இதுதான்: வாசகம் போய்விட்டது, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற தடம் நிற்கிறது, பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியும். மூத்தவருக்குத் தெரியுமா என்பது தெரியாது. இந்த மாதிரி நேரத்தில் அவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் சரி. தெரிந்திருந்து நாம் மௌனமாக இருந்தால், எழுதியதைவிட அந்த மௌனம் அதிகம் வலிக்கும். தெரியாமல் இருந்து வேறு யார் மூலமாவது தெரியவந்தால், அதுவும் அப்படித்தான்.

பொய் சொல்லும் ஆசை

அடுத்த கால் மணி நேரத்தில் இளையவர் மனதில் வந்துபோன யோசனைகளை அப்புறம் என்னிடம் சொன்னார். தம்பி போனை எடுத்து விளையாடிவிட்டான் என்று சொல்வது. அது வேறொரு அக்காவைப் பற்றியது என்பது. கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்பது. பத்துப் படங்களை வரிசையாகப் போட்டு, தடத்தை மேலே தள்ளிவிடுவது.

முதல் மூன்றும் செய்தியின் உள்ளடக்கத்தாலேயே உடைந்துவிடும். கடைசி நேரம், செய்யாமல் விட்ட வேலை, மீட்டிங் என்று மூன்று அடையாளங்கள் அதில் இருக்கின்றன. இவரைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது, அவரைத் தவிர வேறு யாரைப் பற்றியும் இருக்க முடியாது. பொய் சொன்னால் படித்த ஐந்து பேரும் அந்தப் பொய்க்குச் சாட்சி ஆகிவிடுவார்கள். கோபத்தில் புறம் பேசியவரைப் பலரும் மன்னிப்பார்கள், ஏனென்றால் பலரும் பேசியிருக்கிறார்கள். தம்பி மேல் பழி போட்டவரை அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டார்கள். படங்களைக் கொட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், வழக்கமாக அமைதியாக இருப்பவர் திடீரென்று பத்துப் படம் போட்டால் மேலே ஏறிப் பார்க்காதவரும் பார்ப்பார்.

யாருக்கு முதலில், என்ன

இளையவர் குழுவில் போடுவதற்காக ஒரு வரைவு எழுதி எனக்கு அனுப்பினார். நீளமானது. எல்லோரும் மன்னிக்க வேண்டும், ரொம்ப வேலை அழுத்தம், நான் அப்படி நினைப்பவள் இல்லை, அக்கா மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று எல்லோருக்கும் தெரியும், அக்கா தயவுசெய்து தப்பா எடுத்துக்காதீங்க என்று போனது.

நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் அது மூன்று கெடுதல் செய்யும். படிக்காத ஆறு பேருக்கு, செய்தி யாரைப் பற்றியது என்று அதுவே சொல்லிவிடும். மூத்தவரைப் பதினொரு பேர் முன்னால் 'பரவாயில்லம்மா' என்று சொல்ல வைக்கும். அவர் மனதில் பரவாயில்லை என்று இல்லாவிட்டாலும், குழுவில் வேறு என்ன சொல்ல முடியும்? சொல்லாமல் இருந்தால் அவர்தான் கல்நெஞ்சக்காரர் ஆவார். மூன்றாவது, மரியாதை உண்டு என்று சொல்வது. மீட்டிங்கில் பொய்யாகப் பேசுகிறவர் என்று எழுதிய அரை மணி நேரத்தில் வரும் மரியாதைப் பேச்சு கிண்டல் மாதிரிதான் கேட்கும்.

இரண்டு வேலையையும் பிரித்தோம். மூத்தவருக்குச் சொல்ல வேண்டியது மன்னிப்பு, அது தனியாக, குரலில், முடிந்தால் நேரில். குழுவுக்குச் சொல்ல வேண்டியது தகவல் மட்டும். வரிசையும் முக்கியம், முதலில் மூத்தவர், அப்புறம்தான் குழு.

6:58-க்கு இளையவர் மூத்தவரை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைக்க வேண்டாம் என்றேன். ஒரு தடவை எடுக்காதவரை ஐந்து தடவை அழைத்தால், அவர் தயாராகும் முன்னே நம் பதற்றத்தை அவர் தலையில் ஏற்றுகிறோம். தனிச் செய்தியாக இதை அனுப்பினார்:

'அக்கா, இன்னைக்குச் சாயங்காலம் குழுவில் உங்களைப் பத்தி நான் எழுதினது தப்பு. இதை எழுத்துல சொல்றது சரியில்ல, நேரில் சொல்லணும். உங்களுக்கு எப்போ வசதின்னு சொல்லுங்க.'

இதில் விளக்கம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தவறு என்று ஒப்புக்கொள்வது இருக்கிறது, பேசுவதற்கான நேரத்தை முடிவு செய்யும் உரிமை மூத்தவரிடம் இருக்கிறது. அவர் குழுச் செய்தியைப் பார்க்காமல் இருந்திருந்தாலும், இதைப் படித்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தே எடுத்த முடிவு.

அதன் பிறகு, ஏழு மணி வாக்கில், குழுவில்:

'சற்று முன் நான் இங்கே போட்டு நீக்கிய செய்தி, எழுதியிருக்கவே கூடாத ஒன்று. சம்பந்தப்பட்டவரிடம் நேரில் பேசுகிறேன். இதற்கு இங்கே பதில் எதுவும் வேண்டாம்.'

கடைசி வாக்கியம் பயனுள்ளது. அது இல்லாவிட்டால் நாலு பேர் கைகூப்பிய முகம் போடுவார்கள், ஒருவர் 'விடும்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான்' என்பார், மூத்தவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். 'தவறி வந்துவிட்டது, புறக்கணிக்கவும்' என்று போடுவது வழக்கம். சாதாரண மாறாட்டத்துக்கு அது போதும். இங்கே போதாது, ஏன் என்பதுதான் இந்த நிகழ்வின் மையம்.

எதற்கு மன்னிப்பு?

தவறான இடத்துக்குப் போனதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்டால், 'சரியான இடத்துக்குப் போயிருந்தால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை' என்று சொல்வதாகத்தான் கேட்பவர் காதில் விழும். மூத்தவருக்கு வலிப்பது விரல் வழுக்கியது இல்லை. தன்னைப் பற்றி இப்படிப் பேச்சு ஓடுகிறது என்று தெரிந்ததும், அதைச் சகாக்கள் முன்னால் தெரிந்துகொண்டதும்தான். ஆக இரண்டு காயம். முதுகுக்குப் பின்னால் சொன்னது ஒன்று, சபையில் விழுந்தது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும்.

2016-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் மன்னிப்பின் உறுப்புகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருத்தம், என்ன நடந்தது என்ற விளக்கம், பொறுப்பை ஏற்பது, இனி செய்யமாட்டேன் என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னியுங்கள் என்று கேட்பது என ஆறாகப் பிரித்திருந்தார்கள். அதில் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது, அடுத்தது சரிசெய்ய முன்வருவது. கடைசி இடம் மன்னியுங்கள் என்ற கேள்விக்கு. பதற்றத்தில் இருப்பவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். விளக்கத்தையும் 'மன்னிச்சிடுங்க'வையும் கொட்டுகிறார், பொறுப்பு எங்கேயோ நடுவில் காணாமல் போகிறது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது பெரும்பாலும் கேட்பவரின் நெஞ்சு லேசாவதற்காகத்தான். அந்த இரவு இளையவர் இன்னும் மூன்று செய்தி எழுதி அழித்தார். அனுப்பவில்லை.

ஒன்பது மணிக்கு மூத்தவரிடமிருந்து பதில் வந்தது: 'காலைல பேசலாம்.'

காலைப் பேச்சு

இருவரும் தனியாகத்தான் பேசினார்கள். பிறகு இருவரும் என்னிடம் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

இளையவர் முதலில் சொன்னது: 'அக்கா, நீங்க வேலையைத் தள்ளிவிடறீங்க, மீட்டிங்ல மத்தவங்க செஞ்சதை உங்களோடதா பேசறீங்கன்னு நான் எழுதினேன். ஒரு ஃப்ரெண்டுக்கு எழுதினது. குழுவுக்குப் போயிடுச்சு. உங்களைப் பத்தி வெளியில அப்படிப் பேசினதே தப்பு. அது எல்லாரும் பாக்கற இடத்துல விழுந்து, உங்களுக்குத் தலைகுனிவு ஆனது இன்னொரு தப்பு. ரெண்டும் நான் செஞ்சது.'

எழுதியதை அப்படியே திரும்பச் சொன்னது கடினமான பகுதி. பலர் இதைத் தவிர்த்து 'நான் எழுதினது' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அப்போது எதிரில் இருப்பவர், இவள் எதை ஒப்புக்கொள்கிறாள், எதை மறைக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே கேட்பார்.

மூத்தவர் சொன்னார்: 'தெரியும். நேத்தே பாத்தேன். போன் மேசை மேல இருந்துச்சு, மேலயே முழுசா வந்துச்சு. நான் உள்ளயே போகல.'

படித்தவர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். எட்டு மணி வரை போனைக் கவிழ்த்து வைத்திருந்தாராம். இளையவர் மௌனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு ஒரு நாள் மூத்தவரிடம் கேட்டேன். 'எதுவும் ஆகியிருக்காது. நானும் எதுவும் கேட்டிருக்கமாட்டேன். ஆனா அதுக்கப்புறம் அவகிட்ட வேலை தவிர ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன்' என்றார்.

அப்புறம் மூத்தவர் கேட்டதுதான் இந்த மாதிரிப் பேச்சில் எப்போதும் வரும் கேள்வி: 'சரி, நீ எழுதினது பொய்யா?'

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு, இரண்டுமே கெட்டவை. 'ஐயோ, பொய்தான் அக்கா, சும்மா கோபத்துல' என்பது ஒன்று. அது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும், அடுத்த வாரம் அறிக்கை மறுபடி தாமதமாகும்போது வாயைத் திறக்கும் உரிமையும் போய்விடும். 'பொய் இல்லை, நீங்க நிஜமாவே லேட்டாத்தானே தர்றீங்க' என்பது இன்னொன்று. அந்த நொடியில் மன்னிப்பு முடிந்து வழக்கு ஆரம்பித்துவிடும்.

இளையவர் முந்தைய இரவு இதைப் பற்றி என்னிடம் பேசியிருந்தார். எழுதிய மூன்று வரியில் எது குறை, எது குத்தல் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். தாமதம் குறை. அதைத் தேதி போட்டுக் காட்டலாம். மீட்டிங்கில் தானே செய்த மாதிரி என்பது குத்தல். அவர் பதில்:

'மீட்டிங் பத்தி எழுதினது நியாயமே இல்ல அக்கா. அது கோபம். தாமதம் ஆகறதால எனக்குக் கஷ்டம் இருக்கறது நிஜம். அதை உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும், சொல்லல. ஆனா இன்னைக்கு நான் அதைப் பேச வரல. உங்களுக்குச் சரின்னா அடுத்த வாரம் பேசலாம்.'

மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, 'எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன, கடிச்சா வச்சிருப்பேன்?' என்றார். இளையவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான். அது பதில் வேண்டிய கேள்வி இல்லை.

சரிசெய்வது எப்படி என்று இளையவர் கேட்டார். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றார். மூத்தவர் வேண்டாம் என்றார், குழுவில் இனி இதைப் பற்றி ஒரு வரியும் வரக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது. இது எனக்கு வியப்பாக இல்லை. சபையில் பட்ட காயத்துக்குச் சபையிலேயே மருந்து போட வேண்டும் என்று தவறு செய்தவருக்குத்தான் தோன்றும். பட்டவருக்குப் பெரும்பாலும் அந்தக் காட்சி மறுபடி ஓடக் கூடாது என்பதுதான் வேண்டும். அதனால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், தானாகச் செய்யக் கூடாது.

அதற்கு அப்புறம்

மறுநாள் குழுவில் ஒருவர் 'பெயரைப் பார்த்து அனுப்பவும்' என்று ஒரு வேடிக்கைப் படம் போட்டார். அதை நான் தனியாகச் சொல்லி எடுக்க வைத்தேன். இந்த இடத்தில் நிர்வாகிக்கு இருக்கும் வேலை அவ்வளவுதான், வேடிக்கையை முளையிலேயே நிறுத்துவது. நடத்தை விதி என்று நீளமாக ஒன்று எழுதிக் குழுவில் ஒட்டினால், நடந்ததை மறுபடி எல்லோருக்கும் அறிவிப்பதாகிவிடும்.

தோழியையும் மறக்கக் கூடாது. செய்தி அவருக்குத்தான் எழுதப்பட்டது. அன்று இரவே அவரிடம் முழுக் கதையையும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தால், மறுநாள் காலை கேட்ட மன்னிப்புக்கு அர்த்தம் இருக்காது. இளையவர் அவரிடம் சொன்னது, நடந்துவிட்டது, இதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை என்பது மட்டும்.

தாமதம் பற்றிய பேச்சு அடுத்த வாரம் நடக்கவில்லை. மூத்தவர் தள்ளிப் போட்டார், இளையவர் வற்புறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்து மூத்தவரே எடுத்தார். அவருக்குத் தரவுகள் வேறொரு பிரிவிலிருந்து முந்தைய நாள் மாலைதான் வருகின்றன, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கெடுவை ஒரு நாள் தள்ளினால் போதும் என்று தெரிந்தது. தள்ளினோம்.

இதை வைத்து எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இருவருக்கும் இடையே வேலை நன்றாக ஓடுகிறது. ஆனால் முன்பு இளையவரைப் பெயர் சுருக்கிக் கூப்பிட்டுக் கேலி பேசுவார் மூத்தவர், அது நின்றுவிட்டது. மாதங்கள் ஆகியும் திரும்பவில்லை. நன்றாகக் கேட்ட மன்னிப்பு உறவை வேலைக்கு ஆகும் நிலைக்குக் கொண்டுவரும், பழைய இடத்துக்கே கொண்டுபோகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நெருக்கம் ஏன் திரும்பவில்லை என்று மூத்தவரிடம் கேட்கும் ஆசை இளையவருக்கு வந்தது. கேட்க வேண்டாம் என்றேன், அது மறுபடி அவரிடமே ஆறுதல் கேட்பது.

இளையவர் தன் போனில் ஒரு மாற்றம் செய்தார். அதிகம் பேசும் மூன்று உரையாடல்களைப் பட்டியலின் உச்சியில் குத்தி வைத்தார். குத்தி வைத்தவை புதுச் செய்தி வந்தாலும் மற்றவற்றின் கீழே இறங்காது. அதனால் விரல் போகும் இடம் திடீரென்று மாறுவது குறையும்.

இந்த வழி எங்கே பொருந்தாது

செய்தியில் ஒருவரைப் பற்றிய கருத்துக்குப் பதிலாக ஒருவரின் தகவல் இருந்தால், உதாரணமாக மருத்துவ அறிக்கை, அடையாள ஆவணம், வாடிக்கையாளர் பட்டியல், கதை வேறு. அங்கே தனியாகச் சரிக்கட்டப் பார்ப்பதே பெரிய தவறு. நீக்க வேண்டும், பெற்றவரிடம் அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி வாங்க வேண்டும், வேலையிடத்தில் இதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்ல வேண்டும். சட்டம் கடிகாரத்தை ஓடவிட்டிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்பு விதிகளின்படி, ஆட்களுக்குப் பாதிப்பு வரக்கூடிய தகவல் கசிவை நிறுவனம் அறிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஊழியர் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தால் நிறுவனத்தின் சிக்கல் இன்னும் பெருகும்.

மின்னஞ்சலிலும் கணக்கு மாறுகிறது. ஜிமெயிலின் Undo Send உண்மையில் திரும்பப் பெறுவது இல்லை. அனுப்பாமல் பிடித்து வைத்திருப்பதுதான், அமைப்பில் கூட்டினால் அதிகபட்சம் 30 வினாடி. அவுட்லுக்கின் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் இருக்கும் பெட்டிகளில்தான் வேலை செய்யும். வெளியாருக்குப் போன மடலில் அதை முயன்றால், மடல் திரும்பி வராது; திரும்பப் பெற விரும்புகிறார் என்ற இன்னொரு மடல் போய்ச் சேரவும் கூடும், அப்போது ஆர்வம் இல்லாதவரும் முதல் மடலைத் தேடிப் படிப்பார்.

செய்தியில் இருந்தது ஒருவரின் சாதி, மதம், உடல் அல்லது பாலினத்தைப் பற்றிய இழிவு என்றால், மேலே சொன்ன காலைப் பேச்சை அனுப்பியவர் தானாக ஏற்பாடு செய்யக் கூடாது. பாதிக்கப்பட்டவரைத் தனி அறையில் சந்திக்கக் கேட்பதே அங்கே அழுத்தம் ஆகிவிடும். குழுவில் ஒரு வரி ஒப்புதல், நிர்வாகத்துக்கு அன்றே முழுத் தகவல், முறைப்படி புகார் வந்தால் அதற்கு ஒத்துழைப்பு. நேரில் பேசலாமா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவர் எடுக்கும் முடிவு, அவர் வேண்டாம் என்றால் அது அங்கேயே நிற்கும்.